பில்லில் தானாக வந்து உட்காரும் சர்வீஸ் சார்ஜ்: கட்டியே ஆக வேண்டுமா?

சென்னையின் சாதாரண டிபன் ஹோட்டல்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி என்றால் பில்லில் அவற்றின் விலையும் ஜி.எஸ்.டி.யும் இருக்கும், அவ்வளவுதான். காதர் நவாஸ் கான் சாலையிலோ ஆழ்வார்பேட்டையிலோ கொஞ்சம் அலங்காரமான உணவகத்தில் உட்கார்ந்தால்தான் கதை மாறுகிறது. மால்களில் இருக்கும் உணவகங்கள், ஈ.சி.ஆர். பக்கத்து உணவகங்கள், நட்சத்திர ஹோட்டல்கள் எல்லாம் இதில் சேரும். அங்கே சில இடங்களில் உணவின் மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி.க்கும் நடுவே ‘சர்வீஸ் சார்ஜ் 10%’ என்று ஒரு தொகை ஏறியிருக்கும். நாம் கேட்கவில்லை, யாரும் நம்மிடம் சொல்லவும் இல்லை. பில் போடும் மென்பொருளில் முன்பே அப்படி அமைத்து வைத்திருப்பார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். அது கட்டாயம் இல்லை. நம்மைக் கேட்காமல் பில்லில் சேர்ப்பதே விதிக்குப் புறம்பானது. எடுத்துவிடச் சொன்னால் உணவகம் எடுத்தாக வேண்டும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போய் நின்றாலும், “மெனுவிலேயே போட்டிருக்கோமே சார்”, “அது டெல்லி தீர்ப்பு மேடம்”, “சிஸ்டத்துல எடுக்க முடியாது” என்று ஏதாவது ஒரு பதில் வரும். எடுக்க ஒப்புக்கொள்ளும் இடங்களிலும் பல நேரம் பாதிதான் எடுக்கிறார்கள். அதனால் காரணத்தையும் கணக்கையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

இது வரி இல்லை

பலர் பேசாமல் கட்டிவிட்டுப் போவதற்கு முக்கியக் காரணம், இதை அரசாங்கம் வாங்கும் வரி என்று நினைப்பதுதான். அப்படி நினைக்க ஒரு நியாயமும் உண்டு. 2017 ஜூன் மாதம் வரை ஏ.சி. உணவகங்களின் பில்லில் சர்வீஸ் டாக்ஸ் என்று ஒரு வரி நிஜமாகவே இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அது ஒழிந்துபோனது. ஆனால் அதன் நினைவு பலருக்கு இன்னும் போகவில்லை. பில்லில் ‘சர்வீஸ்’ என்று பார்த்ததும் வரிதான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சர்வீஸ் சார்ஜ் முழுக்க உணவகத்தின் கைக்குப் போகும் பணம். அரசாங்கத்துக்கும் அந்தத் தொகைக்கும் இருக்கும் ஒரே தொடர்பு, அதன் மேலும் ஜி.எஸ்.டி. போடப்படுகிறது என்பதுதான். அந்தப் பணம் சர்வருக்குப் போகிறதா, சமையலறை ஆட்களுக்கும் பங்கு உண்டா, முதலாளியே வைத்துக்கொள்கிறாரா என்பதை பில்லைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத சிலவும் உண்டு. நம் ஊர் சைவ ஹோட்டல்களில் ஏ.சி. ஹாலுக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள். கீழே ஒரு விலைக்குக் கிடைக்கும் தோசை, மாடியில் ஏ.சி.யில் இருபது ரூபாய் கூடுதலாக இருக்கும். அது சர்வீஸ் சார்ஜ் ஆகாது. விலை என்னவென்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கிறோம், வேண்டாமென்றால் கீழேயே உட்காரலாம். தன் உணவுக்கு என்ன விலை வைப்பது என்பது உணவகத்தின் உரிமை. பார்சல் டப்பாவுக்கு வாங்கும் காசும், டெலிவரி செயலிகள் போடும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் வேறு விவகாரங்கள். இங்கே பேசுவது, பட்டியலில் போட்ட விலைக்கு மேல், பரிமாறியதற்காக என்று ஒரு சதவீதத்தைத் தானாகச் சேர்ப்பதைப் பற்றி மட்டும்தான்.

விதி என்ன சொல்கிறது

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சுருக்கமாக சி.சி.பி.ஏ. என்பார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் உருவானது. இந்த ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி சர்வீஸ் சார்ஜ் பற்றி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதற்கு முன்பு, 2017-லேயே நுகர்வோர் விவகாரத் துறை ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தது. உணவகங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2022 நெறிமுறைகள் சொல்வதைப் பேச்சுவழக்கில் இப்படிச் சொல்லலாம். பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது. பெயரை மாற்றியும் வாங்கக் கூடாது. கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது; இது உங்கள் விருப்பம் என்று உணவகமே தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்ட மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருப்பதோ, அவருக்குப் பரிமாறாமல் இருப்பதோ கூடாது. கடைசியாக, சர்வீஸ் சார்ஜை உணவு பில்லோடு சேர்த்து மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போட்டு வசூலிக்கக் கூடாது.

நெறிமுறைகள் வந்த வேகத்தில் உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த மாதமே, 2022 ஜூலை 20-ஆம் தேதி, இடைக்காலத் தடை கிடைத்தது. மெனுவிலும் மற்ற இடங்களிலும் சர்வீஸ் சார்ஜ் உண்டு என்று பளிச்சென்று எழுதி வைக்க வேண்டும், பார்சலுக்கு வாங்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். பிறகு 2023-இல் வந்த இன்னோர் இடைக்கால உத்தரவு, ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் அதை ‘ஸ்டாஃப் கான்ட்ரிப்யூஷன்’ என்று மட்டுமே குறிப்பிட வேண்டும், 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது.

இன்றைக்கும் சில மெனு அட்டைகளின் அடியில் பொடி எழுத்தில் ‘10% சர்வீஸ் சார்ஜ் உண்டு’ என்று இருப்பதும், சில பில்களில் ‘ஸ்டாஃப் கான்ட்ரிப்யூஷன்’ என்று வருவதும் அந்த இடைக்காலத்தில் வந்த பழக்கத்தின் மிச்சம். ஆனால் 2025 மார்ச் 28-ஆம் தேதி நீதிபதி பிரதிபா எம். சிங் இறுதித் தீர்ப்பு சொன்னார். சங்கங்களின் மனுக்கள் தள்ளுபடி ஆயின, நெறிமுறைகள் செல்லும் என்று உறுதியானது, மனுதாரர்கள் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. இறுதித் தீர்ப்பு வந்தால் இடைக்கால உத்தரவுகளுக்கு வேலை இல்லை. எனவே மெனுவில் எழுதி வைத்திருப்பது இனி ஒரு பாதுகாப்பு ஆகாது.

மெனுவில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகும் ஆர்டர் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? உணவகங்கள் நீதிமன்றத்தில் வைத்த முக்கிய வாதமும் இதுதான். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உணவின் விலையிலேயே பரிமாறும் வேலையும் அடக்கம் என்பதுதான் நெறிமுறைகளின் அடிப்படை. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தட்டில் இருக்கும் பண்டத்துக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. நாற்காலி, ஏ.சி., கொண்டுவந்து வைக்கிற ஆள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அதற்கு மேல் ஒருவர் பணம் தர விரும்பினால், அதை முடிவு செய்ய வேண்டியது சாப்பிட்டு முடித்த பிறகு அவர்தான்.

இதில் வேடிக்கையான ஒரு பழைய வழக்கு உண்டு. தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹோட்டலில் தண்ணீரோடு சேவையும் சேர்ந்தே வருகிறது, அதனால் கூடுதல் விலை வைக்கலாம் என்று 2017 டிசம்பரில் உணவகங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆக, விலையை ஏற்றும்போது சேவை விலைக்குள் இருக்கிறது, பில் போடும்போது மட்டும் அது வெளியே வந்து தனியாக நிற்கிறது! 2025 தீர்ப்பை எதிர்த்துச் சங்கங்கள் மேல்முறையீடு செய்தபோது, டெல்லி உயர் நீதிமன்ற அமர்வும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டது. 20 ரூபாய்த் தண்ணீரை 100 ரூபாய்க்கு விற்றுவிட்டு அப்புறம் சர்வீஸ் சார்ஜ் எதற்கு என்பது கேள்வி.

அப்புறம் அந்த ‘டெல்லி தீர்ப்பு’ பதில். சி.சி.பி.ஏ. ஒரு மத்திய அமைப்பு, அது செயல்படுவது மத்தியச் சட்டத்தின் கீழ். நெறிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். டெல்லியில் நடந்தது அந்த நெறிமுறைகளை எதிர்த்த வழக்கு மட்டுமே. வழக்கு எந்த ஊரில் நடந்தது என்பதால் நெறிமுறை அந்த ஊருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம்

ஆழ்வார்பேட்டையில் ஒரு வட இந்திய உணவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம். சூப், பனீர் டிக்கா, பட்டர் நான், இரண்டு கறி வகை, ஒரு பிரியாணி, ஒரு தண்ணீர் பாட்டில். உணவின் மொத்தம் 2,400 ரூபாய்.

பில் இப்படி வருகிறது. 2,400-க்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 240. இரண்டும் சேர்ந்து 2,640. அதன்மேல் சி.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 66 ரூபாய், எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 66 ரூபாய். கட்ட வேண்டியது 2,772.

கவனிக்க வேண்டியது, ஜி.எஸ்.டி. 2,400-க்குப் போடப்படவில்லை, 2,640-க்குப் போடப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்கும் மொத்தத் தொகைக்கும் வரி கணக்கிடுவதுதான் ஜி.எஸ்.டி. முறை என்பதால், சர்வீஸ் சார்ஜ் பில்லுக்குள் வந்தால் வரியும் கூடவே ஏறிவிடும். 10 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் நம் பையிலிருந்து கூடுதலாகப் போவது 10.5 சதவீதம்.

குடும்பத் தலைவி பில்லைப் பார்த்துவிட்டு கேப்டனைக் கூப்பிடுகிறார்.

“தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜ் வேண்டாம். எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொண்டு வாங்க.”

“மேடம், அது எல்லாருக்கும் போடுறதுதான். மெனுவிலேயும் இருக்கு.”

“இருக்கட்டும். தானா சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. உங்ககிட்ட கோபம் இல்லை, மேனேஜரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

கேப்டனோடு வாதாடுவதில் பயன் இல்லை. பெரும்பாலான இடங்களில் பில்லைத் திருத்தும் அனுமதி மேனேஜரின் பாஸ்வேர்டில்தான் இருக்கும். ‘சிஸ்டத்துல எடுக்க முடியாது’ என்பதற்கு, ‘என் லாகினில் எடுக்க முடியாது’ என்றே பல நேரம் பொருள். மேனேஜர் வந்ததும் பாதி இடங்களில் விவகாரம் முடிந்துவிடும். சத்தம் போட வேண்டிய தேவையே இருக்காது.

இந்தக் கதையில் மேனேஜர் மறுப்புச் சொல்லவில்லை. பேனாவால் 240-ஐ அடித்துவிட்டு, “2,532 கொடுங்க மேடம்” என்கிறார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2,772-இலிருந்து 240 போனால் 2,532 சரிதானே என்று தோன்றும். சரியில்லை. சர்வீஸ் சார்ஜ் போனால் அதற்கான வரியும் போக வேண்டும். 2,400-க்கு ஜி.எஸ்.டி. 60 கூட்டல் 60, ஆக 120 ரூபாய். கட்ட வேண்டியது 2,520. வித்தியாசம் 12 ரூபாய்.

பன்னிரண்டு ரூபாய் சின்னத் தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேனாவால் அடித்த பில்லை ஏற்காமல் இருக்க வேறொரு காரணமும் உண்டு. கம்ப்யூட்டரில் பழைய பில் அப்படியே இருந்தால், நம் கையில் இருக்கும் காகிதமும் உணவகத்தின் கணக்கும் பொருந்தாது. பிறகு புகார் செய்ய நேர்ந்தால் எது உண்மையான பில் என்ற குழப்பம் வரும். எனவே புதிதாக அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் சர்வீஸ் சார்ஜ் இருக்கக் கூடாது, ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்க வேண்டும். சில இடங்களில் சர்வீஸ் சார்ஜை பில்லில் அப்படியே வைத்துவிட்டு, கீழே அதே தொகைக்கு ‘டிஸ்கவுண்ட்’ கொடுப்பார்கள். அந்தத் தள்ளுபடி வரிக்கு முன் கழிக்கப்பட்டதா, பின் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். கடைசித் தொகை 2,520 ஆக இருந்தால் வரிக்கு முன், 2,532 என்றால் வரிக்குப் பின்.

பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கும் ஹோட்டல்களில் உணவுக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக 18 சதவீதம். அங்கே 240 ரூபாய் சர்வீஸ் சார்ஜின் மேல் வரி மட்டும் 43 ரூபாய் 20 காசு.

இன்னொன்று, இதையெல்லாம் பணம் கட்டும் முன் செய்வதுதான் எளிது. கார்டைத் தேய்த்த பிறகோ யு.பி.ஐ.யில் அனுப்பிய பிறகோ கேட்டால், பில்லை ரத்து செய்ய வேண்டும், பணத்தைத் திருப்ப வேண்டும், கணக்கை மாற்ற வேண்டும் என்று வேலை பெருகும். உரிமை போய்விடாது, நேரம்தான் போகும். கூட வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டு “விடுப்பா, போலாம்” என்பார்கள். பாதி பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

மறுத்துவிட்டால்

எவ்வளவு சொல்லியும் எடுக்க மாட்டோம் என்றால் மேசையிலேயே சண்டையை நீட்ட வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டு, பில்லையும் கட்டியதற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மெனுவில் சர்வீஸ் சார்ஜ் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுக்கலாம்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் சொல்லலாம், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் பதிவு செய்யலாம். இது நீதிமன்றம் இல்லை. புகாரை உணவகத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும் ஓர் ஏற்பாடு. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று உணவகம் சொல்லிவிட்டால் வேலை இங்கேயே முடியும். முடியாவிட்டாலும் அந்தப் பதிவு வீண் போகாது. 2025 ஏப்ரலில் டெல்லியில் ஐந்து உணவகங்களுக்கு சி.சி.பி.ஏ. தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பி, வாங்கிய சர்வீஸ் சார்ஜைத் திருப்பித் தரச் சொன்னது. அதற்கு அடிப்படையாக இருந்தவை இந்த உதவி எண்ணுக்கு வந்த புகார்கள்தான்.

நேரடியாக சி.சி.பி.ஏ.வுக்கே com-ccpa@nic.in என்ற மின்னஞ்சலில் எழுதலாம். மாவட்ட ஆட்சியரிடமும் புகார் கொடுக்கலாம். அவர் விசாரித்து ஆணையத்துக்கு அனுப்புவார். சென்னை ஆட்சியர் அலுவலகம் வரை போகிற அளவுக்கு 252 ரூபாய்க்கு யாருக்குப் பொறுமை இருக்கும் என்று கேட்டால், எனக்கும் இருக்காது. ஆனால் ஒரே உணவகத்தில் அலுவலகக் கூட்டமாகச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கில் சர்வீஸ் சார்ஜ் கட்டியவர்களுக்கு அந்த வழி பயன்படும்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் வடக்கு, தெற்கு என்று தனித்தனி ஆணையங்கள் உண்டு. நாம் குடியிருக்கும் இடத்தை வைத்தே மனு செய்யலாம், உணவகம் இருக்கும் பகுதிக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

சர்வருக்கு என்ன கொடுப்பது?

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால் அந்தப் பையனின் வயிற்றில் அடித்த மாதிரி ஆகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். நல்ல தயக்கம்தான். ஆனால் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. சம்பளத்தை ஏற்ற வேண்டுமென்றால் மெனு விலையை ஏற்றிக்கொள்ளட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. விலையைப் பார்த்துவிட்டு உள்ளே வருவதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்வோம்.

டிப்ஸ் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. நன்றாகக் கவனித்தவர் கையில் நேராக ஐம்பதோ நூறோ கொடுத்தால் அது பில்லுக்குள் வராது, அதற்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. என் வழக்கம் இதுதான்: பில் மாறி வந்ததும் டிப்ஸைப் பில் வைத்த அட்டைக்குள் வைப்பதில்லை, பரிமாறியவரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அட்டைக்குள் வைப்பது பல இடங்களில் பொதுப் பெட்டிக்குப் போகிறது. அதைப் பிரித்துக் கொடுப்பது ஒரு நல்ல முறையாகவும் இருக்கலாம், சமையலறையில் நிற்பவருக்கும் பங்கு போகலாம். எப்படிப் பிரிக்கிறார்கள் என்று சர்வரிடமே கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.